பத்து நானோவிநாடிப் பள்ளம்

A, B என்று இரண்டு சமிக்ஞைகள். S என்ற தேர்வுக் கம்பியில் 1 இருந்தால் A-யும், 0 இருந்தால் B-யும் F என்ற வெளியீட்டுக்குப் போக வேண்டும். மல்டிபிளெக்ஸர் எனப்படும் இந்தச் சுற்றின் சமன்பாடு மிகச் சிறியது:

```
F = S·A + S'·B
```

இதைக் கட்ட 74LS00 சிப் ஒன்றே போதும். அதில் நான்கு நேண்ட் கேட்டுகள் உண்டு. தனக்கு வரும் எல்லா உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டும் 0 தருவது நேண்ட். முதல் கேட் S-ஐத் தலைகீழாக்கி S' தருகிறது. இரண்டாவது A-க்கு, மூன்றாவது B-க்கு, நான்காவது அந்த இரண்டையும் சேர்த்து F தருவதற்கு. எல்லாச் சேர்க்கைகளையும் கொடுத்துப் பார்த்தாலும் மல்டிமீட்டர் சரியான விடையே காட்டும்.

ஆனாலும் இதில் ஒரு பழுது ஒளிந்திருக்கிறது. A, B இரண்டையும் 1-இல் வைத்துவிட்டு S-ஐ மட்டும் 1-இலிருந்து 0-க்கு இறக்குங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடை 1 என்பதால் F அசையவே கூடாது. ஆனால் ஒவ்வொரு கேட்டும் பதில் சொல்ல ஏறத்தாழ 10 நானோவிநாடி எடுத்துக்கொள்கிறது. S இறங்கிய 10-ஆவது நானோவிநாடியில் A-யின் கேட் விலகிவிடுகிறது. B-யின் கேட்டுக்கோ அப்போதுதான் S' வந்து சேர்கிறது. அது செயல்பட இன்னும் 10 வேண்டும். சப்பரம் தூக்குபவர் தோளை எடுத்துவிட்டார், மாற்று ஆள் இன்னும் தோள் கொடுக்கவில்லை என்ற நிலை. அதன் விளைவு, 20-ஆவது நானோவிநாடியில் F பூஜ்யமாகி, 30-ஆவதில் மீண்டும் 1 ஆகிறது. இந்தப் பள்ளம்தான் கிளிட்ச். அது நேர வாய்ப்புள்ள சுற்றமைப்பை நிலை ஹசார்ட் என்பார்கள். S மேலே ஏறும்போது இது வராது; அப்போது A-யின் கேட் முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது, B-யின் கேட் பிறகுதான் விடுகிறது.

எல்.இ.டி.யில் இதைப் பார்க்க முடியாது. விநாடிக்கு 2.4 கோடி முறை மாதிரி எடுக்கும் மலிவான லாஜிக் அனலைசரும் சுமார் 42 நானோவிநாடிக்கு ஒரு முறைதான் எட்டிப்பார்க்கிறது. பெரும்பாலும் பள்ளத்தைத் தவறவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பை F-இல் மாட்டி, இறங்கு முனையில் டிரிக்கர் வைத்தால் அகப்படும். F ஒரு கவுண்டரின் கிளாக் கம்பிக்குப் போகிறதென்றால் கவுண்டரே காட்டிக்கொடுத்துவிடும்: காரணமில்லாமல் எண்ணிக்கை கூடும்.

தீர்வு கார்னா வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. S·A ஒரு வளையம், S'·B இன்னொரு வளையம். A-யும் B-யும் 1 ஆக இருக்கும் இரு கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் வேறு வேறு வளையங்களில் கிடக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்து மூன்றாவது வளையம் போட வேண்டும்:

```
F = S·A + S'·B + A·B
```

A·B தர்க்கப்படி தேவையற்றது. உண்மை அட்டவணையில் ஒரு வரியைக்கூட அது மாற்றாது. ஆனால் அதில் S இல்லை. ஆகவே S எப்படி மாறினாலும் அது அசையாமல் F-ஐ 1-இல் பிடித்துவைக்கிறது. செலவு: கூடுதலாக ஒரு நேண்ட், கடைசி கேட்டுக்கு மூன்று உள்ளீடுகள். 74LS10 சிப் ஒன்று சேர்த்தால் முடிந்தது.

நினைவு வைக்கும் லாட்சில் இந்தக் கூடுதல் உறுப்பு இன்னும் முக்கியமாகிறது. அங்கே B-யின் இடத்தில் சுற்றின் சொந்த வெளியீடே திரும்பி வருகிறது. பள்ளம் விழுந்தால் அந்த 0 சுற்றிவந்து, சேமித்த 1-ஐயே அழித்துவிடலாம். ஐ.பி.எம்.மின் ஜான் ஏர்ல் 1965-இல் வெளியிட்ட லாட்சில் இந்த மூன்றாவது உறுப்பு இடம்பெற்றிருக்கிறது.

ஒரே நேரத்தில் ஒரு உள்ளீடு மட்டும் மாறும்போதுதான் இந்த வைத்தியம் பலிக்கும். A 1-இல் இருக்க, S 1-இலிருந்து 0-க்கும், B 0-இலிருந்து 1-க்கும் சேர்ந்தே மாறுவதாக வையுங்கள். S முந்திவிட்டால் இடையில் சரியான விடையே 0 தான்; எந்த உறுப்பைச் சேர்த்தும் அதை மறைக்க முடியாது. அதனால்தான் இன்றைய பெரும்பாலான சிப்களில் பள்ளங்களை விழவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகு கிளாக் முனையில் ஃபிளிப்ஃபிளாப் விடையைப் படித்துக்கொள்கிறது. கிளாக், ரீசெட் போன்ற கம்பிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அங்கே A·B-யை எழுதிவைத்தாலும் கண்காணிக்க வேண்டும். வடிவமைப்பைக் கேட்டுகளாக மாற்றும் மென்பொருள், தேவையற்றது என்று அதை நீக்கிவிடக்கூடும். அந்தப் பகுதியைத் தொடாதே என்று கட்டளை தர வேண்டும். தயாரித்த சிப்பில் அந்தக் கேட் செத்து 1-இலேயே நின்றாலும் வழக்கமான சோதனை கண்டுபிடிக்காது. விடைகள் எல்லாம் சரியாகவே வரும், பள்ளம் மட்டும் திரும்ப வந்திருக்கும்.