நான்கு பேரில் முதலில் யார்?

அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய விரும்புவோர் எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில், "முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?" என்ற கேள்வி பல வடிவங்களில் வரும். விடை தேட ஒரு வரிசை உண்டு: மூச்சுவழி, சுவாசம், ரத்த ஓட்டம், பிறகு பாதுகாப்பு. மூச்சுவழி அடைபட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அதற்கு முதலிடம்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். டியூட்டி மாறும் நேரம். முதலாமவர், வயிற்று ஆபரேஷன் முடிந்து வலி தாங்காமல் அழுகிறார். இரண்டாமவர் ஆஸ்துமா நோயாளி; லேசான வீசிங் இருக்கிறது, ஆக்சிஜன் அளவு 94, முழு வாக்கியமாகப் பேசுகிறார். மூன்றாமவர், மனக்குழப்பத்தில் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கும் முதியவர். நான்காமவருக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரம் ஆகிறது. ஆக்சிஜன் அளவு 97. ஆனால் "கழுத்தை இறுக்குற மாதிரி இருக்கு" என்கிறார். குரல் கம்மியிருக்கிறது, நிலைகொள்ளாமல் புரள்கிறார்.

அழுகைச் சத்தம் முதலாமவரிடம் இழுக்கும். வீசிங் என்ற சொல் இரண்டாமவரிடம் இழுக்கும். விடை நான்காமவர்.

காரணம் இதுதான். ஆபரேஷன் செய்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால், அது கழுத்துச் சிரைகளில் ரத்தம் வடிவதைத் தடுக்கும். குரல்வளை உள்ளுக்குள் வீங்கி, மூச்சுவழி குறுகும். ஆக்சிஜன் அளவு கடைசி நேரத்தில்தான் சரியும். இறுக்கமும் குரல் மாற்றமும் அதற்கு முன்பே தெரியும்.

செவிலியர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, அவரை விட்டு நகராமல் அவசர உதவிக்கும் அறுவை மருத்துவருக்கும் குரல் கொடுப்பார். கழுத்தின் பின்புறத்தையும் தடவிப் பார்ப்பார். படுத்திருப்பவருக்கு ரத்தம் பின்பக்கம் வழியும், முன்கட்டு உலர்ந்தே இருக்கலாம். மூச்சு முட்டினால் கட்டிலிலேயே தையலைப் பிரித்துத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்ற நேரிடும். அதற்கான கருவிகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதியவரை அப்படியே விட்டுவிடுவதில்லை. அருகில் இருக்கும் உதவியாளரை அவரிடம் அனுப்பிவிட்டு ஓட வேண்டும்.

இந்த வரிசையைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றக் கூடாது. வீசிங்கோடு நிதானமாகப் பேசுபவரைவிட, ரத்தம் பீறிட்டு நாடி துவளும் நோயாளி அவசரமானவர். மாரடைப்பால் இதயமே நின்றுவிட்டால், பெரியவர்களுக்கு மார்பை அழுத்துவதுதான் முதல் வேலை. அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே வரிசையை அப்படி மாற்றிவிட்டது. எனவே கேட்க வேண்டியது: இப்போது யாருடைய நிலை எதிர்பாராத விதமாக மோசமாகிறது?

உங்கள் வீட்டில் யாருக்காவது தைராய்டு ஆபரேஷன் நடந்து, கழுத்து இறுக்குகிறது என்று சொன்னால், திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சமாதானம் அடையாதீர்கள். உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.