வரவு ஒரு வேகம், செலவு ஒரு வேகம்

கோவையில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஐம்பது படுக்கைகள் கொண்ட ஒரு ஹாஸ்டல் தொடங்கப்போவதாக வைத்துக்கொள்வோம். சாப்பாட்டோடு சேர்த்து ஒருவருக்கு மாதம் 8,000 ரூபாய். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் ஆண்டு வரவு 48 லட்சம். செலவில் கட்டட வாடகை 12 லட்சம், மளிகை, காய்கறி, சிலிண்டர் எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டுக்கு 16 லட்சம், சமையல்காரர், வார்டன், துப்புரவுப் பணியாளர் சம்பளம் 7 லட்சம், மின்சாரமும் தண்ணீரும் 3 லட்சம். மொத்தம் 38 லட்சம் போக, முதல் ஆண்டில் 10 லட்சம் மிஞ்சும். கழிப்பறை, கட்டில், பீரோ, சமையலறை, ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு முதலில் 36 லட்சம் போட வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து இவற்றை விற்றால் சொல்லும்படி எதுவும் தேறாது என்று கொள்வோம். இதில் இறங்கலாமா?

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு குறுக்குவழி இருக்கும். ‘விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறும்’ என்று ஒரே எண்ணை எடுத்து, வரவையும் செலவையும் அதே வேகத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் மிச்சமும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளரும். பத்து லட்சம் ஐந்தாம் ஆண்டில் 12.16 லட்சமாகிவிடும். தாளில் பார்க்க அழகாக இருக்கும்.

ஆனால் எல்லா விலைகளும் கைகோத்து ஏறுவதில்லை. ஒவ்வொன்றையும் ஏற்றுவது வேறொரு காரணம். வாடகை, ஒப்பந்தத்தில் எழுதியபடி ஏறும். நம் கணக்கில் ஆண்டுக்கு 5 விழுக்காடு. மின்கட்டணத்தைத் தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் மாற்றியமைத்தபோது, அதன்பின் ஒவ்வொரு ஜூலையிலும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறும் என்று வழி வகுத்தது. ஆணையம் அறிவித்த உயர்வு 2023-ல் 2.18 விழுக்காடு, 2024-ல் 4.83, 2025-ல் 3.16. இதற்கு 4 விழுக்காடு என்று வைப்பது சற்று எச்சரிக்கையான கணிப்பு. காய்கறியும் எண்ணெயும் மழையையும் இறக்குமதி வரியையும் பார்த்து ஏறுபவை, அதற்கு 6. நல்ல சமையல்காரரைப் பக்கத்து ஹாஸ்டல்காரர் இழுத்துக்கொண்டு போகாமலிருக்கச் சம்பளத்துக்கு 8.

மிச்சமிருப்பது கட்டணம். அதை ஏற்றும் உரிமை நம்முடையது என்றாலும் அளவைத் தீர்மானிப்பது அதே தெருவிலிருக்கும் மற்ற ஹாஸ்டல்கள். அதற்கு 4 விழுக்காடு போடுவோம். இனி ஒவ்வொரு வரியையும் அதனதன் வேகத்தில் தனித்தனியே வளர்த்து, கடைசியில்தான் கூட்டிக் கழிக்க வேண்டும். மொத்தச் செலவுக்கு ஒரே வீதம் போட்டால் எந்தச் செலவு நம்மைக் கடிக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

| ஆண்டு | வரவு (லட்சம்) | செலவு (லட்சம்) | மிச்சம் (லட்சம்) |
|---|---|---|---|
| 1 | 48.00 | 38.00 | 10.00 |
| 2 | 49.92 | 40.24 | 9.68 |
| 3 | 51.92 | 42.62 | 9.30 |
| 4 | 53.99 | 45.14 | 8.85 |
| 5 | 56.15 | 47.82 | 8.33 |

வரவு ஆண்டுதோறும் கூடுகிறது. மிச்சம் ஆண்டுதோறும் தேய்கிறது. செலவின் சராசரி வேகம் ஏறக்குறைய 5.9 விழுக்காடு, வரவின் வேகம் 4. இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான இந்த இடைவெளி சிறியதாகத்தான் தெரியும். ஆனால் அது விழுவது 38 லட்சத்தின் மேல். அடி வாங்குவதோ வெறும் 10 லட்ச மிச்சம். லாபப் பங்கு மெலிந்த தொழிலில் இந்த அடி இன்னும் பலமாக விழும்.

அடுத்த கேள்வி, ஐந்தாண்டு மிச்சமும் சேர்ந்து இன்று போடும் 36 லட்சத்துக்கு ஈடாகுமா என்பது. வங்கி வட்டி 12 விழுக்காடு என்றால், அடுத்த ஆண்டு வரும் ரூபாயை 1.12-ஆலும், அதற்கடுத்த ஆண்டு வருவதை 1.12-இன் வர்க்கத்தாலும் வகுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் 5 விழுக்காடு ஏறும் என்ற அறிக்கையின்படி இன்றைய மதிப்பு 39.4 லட்சம், மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக லாபம். தனித்தனியே வளர்த்த கணக்கில் அது 33.6 லட்சம், போட்ட பணத்தில் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத் துண்டு விழுகிறது. அதே ஹாஸ்டல், அதே முதலாண்டு. முடிவு மட்டும் தலைகீழ்.

இங்கே இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும். ‘எதிர்கால விலை யாருக்குத் தெரியும், இன்றைய விலையிலேயே கணக்குப் போடுவோம்’ என்று ஐந்து ஆண்டுக்கும் 10 லட்சமே எழுதி, 12 விழுக்காட்டால் கழிப்பார்கள். விடை 36.05 லட்சம், எப்படியோ முதலுக்குக் கட்டிவருவது போலத் தோன்றும். ஆனால் வங்கி கேட்கும் 12 விழுக்காட்டில் வரப்போகும் பணவீக்கமும் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தந்த ஆண்டின் விலையில் எழுதிய பணத்தைத்தான் அதனால் கழிக்கலாம். இன்றைய விலையில் எழுதினால் வட்டியிலிருந்தும் பணவீக்கத்தை நீக்க வேண்டும்: 1.12-ஐ 1.05-ஆல் வகுத்தால் வருவது சுமார் 6.7 விழுக்காடு. அப்போதும் இந்த வழி சரியாவது வரவும் செலவும் ஒரே வேகத்தில் ஏறும்போது மட்டுமே. வேகங்கள் வேறுபடும் இடத்தில் நடப்பு விலையில் வரிவரியாக எழுதுவதே பாதுகாப்பு.

சில வரிகள் ஏறவே ஏறாது என்பதையும் மறக்கக் கூடாது. நிலையான வட்டிக் கடனின் மாதத் தவணை கடைசிவரை அதே ரூபாய்தான். வருமான வரிக்காகக் கழிக்கும் தேய்மானமும் வாங்கிய விலையின் மேல்தான் கணக்கிடப்படும். பழக்கதோஷத்தில் இவற்றையும் பணவீக்கத்தோடு சேர்த்து ஏற்றிவிட்டால் கணக்கு மறுபடி பிசகும்.

நிஜத்தில் கட்டணம் ஆண்டுதோறும் 320 ரூபாய் என்று சீராக ஏறுவதும் இல்லை. தங்கியிருப்பவர்கள் முணுமுணுப்பார்கள் என்று பல உரிமையாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏற்றுகிறார்கள். அப்படி இரண்டாண்டு உயர்வையும் சேர்த்து மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் மட்டும் ஏற்றினால், கட்டணம் கடைசியில் அதே இடத்துக்கு வந்துசேரும். ஆனால் இரண்டாம் ஆண்டு மிச்சம் 7.76 லட்சமாகவும் நான்காம் ஆண்டு மிச்சம் 6.78 லட்சமாகவும் இறங்கிவிடும். இன்றைய மதிப்பில் இந்தத் தாமதத்தின் விலை ஏறக்குறைய 2.85 லட்சம். எவ்வளவு ஏற்றுவது என்பதோடு எந்த மாதத்தில் ஏற்றுவது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இந்த வீதங்கள் எல்லாம் கணிப்புதானே, தப்பினால் என்ன செய்வது? எந்தக் கணிப்பு தப்பினால் அதிகம் வலிக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டுச் செலவு ஒரு விழுக்காடு கூடுதலாக ஏறினால் அந்த ஆண்டு போவது 16,000 ரூபாய். கட்டணம் ஒரு விழுக்காடு குறைவாக ஏறினால் போவது 48,000. கட்டண உயர்வு ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றால் ஐந்தாம் ஆண்டு மிச்சம் 10.5 லட்சம்; 3 விழுக்காடு என்றால் 6.2 லட்சம். ஆகவே தக்காளி விலையைப் பற்றித் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, சுற்றுவட்டார ஹாஸ்டல்கள் கடந்த சில ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவு ஏற்றின என்று விசாரிப்பதில் நேரம் செலவிடுவது மேல்.

முதல் ஆண்டின் மிச்சம் ரூபாயில் குறையாமல் நிற்கவே இரண்டாம் ஆண்டில் கட்டணம் சுமார் 4.7 விழுக்காடு ஏற வேண்டும். மிச்சமும் செலவின் வேகத்தில் வளர 5.9 ஏற வேண்டும். அந்தத் தெரு இதைத் தாங்குமா என்று விசாரித்து, தாங்காது என்று தெரிந்தால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பேரம் பேசலாம். ஆண்டுக்கு 5 விழுக்காடு என்பதை 3 ஆகக் குறைத்தால், ஐந்தாம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். செலவுப் பட்டியலில் பேசித் தீர்க்கக்கூடிய வேகம் அது ஒன்றுதான்.