களிமண் நிலத்தில் கடைக்கால்

தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லத்து மேட்டு நிலம் செம்மண்ணும் சரளையும் கலந்தது. அங்கே சிறிது ஆழம் தோண்டினாலே உறுதியான மண் கிட்டும். கிழக்கே திருவாரூர், மன்னார்குடிப் பகுதிகளிலோ, காவிரியும் அதன் கிளையாறுகளும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டலும் களிமண்ணுமே மிகுதி. நெல்லுக்கு உகந்த அம்மண், வீட்டின் சுமையைத் தாங்குவதில் வலுக்குறைந்தது. ஆகவே ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு ஊர்களிலும் வீடு கட்டலாம். ஒரே கடைக்காலை இடுதல் இயலாது.

கடைக்காலில் இருவகை இங்கு எண்ணத்தக்கவை. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனித்தனியே கற்காரைப் பீடம் அமைப்பது தனிக் கடைக்கால். வீட்டின் பரப்பு முழுவதும் கம்பியிட்ட ஒரே கற்காரைத் தளத்தைப் பாய்போல் விரித்து, அதன்மேல் எல்லாத் தூண்களையும் நிறுத்துவது பரப்புக் கடைக்கால். இதனைக் கட்டுமானத் துறையினர் 'ராஃப்ட்' என்பர்.

இவற்றுள் எதனைத் தேர்வது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒன்பது மீட்டர் அகலமும் பன்னிரண்டு மீட்டர் நீளமும் உடைய மாடி வீடு ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு 108 சதுர மீட்டர், தூண்கள் பன்னிரண்டு. நடுத்தூண்கள் இரண்டும் 45 டன் வீதமும், ஓரத்தூண்கள் ஆறும் 25 டன் வீதமும், மூலைத்தூண்கள் நான்கும் 15 டன் வீதமும் சுமக்கின்றன எனில், மொத்தச் சுமை 300 டன். மேட்டு நிலத்தின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 20 டன் எனக் கொண்டால், பீடங்கள் அனைத்திற்கும் 15 சதுர மீட்டர் போதும். வயற்களியின் தாங்குதிறன் 5 டன் எனில், அதே வீட்டிற்கு 60 சதுர மீட்டர் வேண்டும். நடுத்தூணின் பீடம் மட்டுமே பக்கத்திற்கு மூன்று மீட்டர் ஆகிவிடும். பீடங்களின் கூட்டுப்பரப்பு வீட்டுப் பரப்பில் பாதியைக் கடந்தால் பரப்புக் கடைக்காலே சிக்கனம் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. இங்கே அது கடந்துவிட்டது. பரப்புக் கடைக்காலை இட்டால், தூண்களின் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 டன்னாகப் பரவும். தளத்தின் எடையைச் சேர்த்தாலும் தாங்குதிறனுக்குள் அடங்கும்.

மண் தாங்கினால் மட்டும் போதாது. சீராகவும் அமிழ வேண்டும். வீடு முழுவதும் ஒரே அளவில் தாழ்ந்தால் சுவருக்குப் பெருந்தீங்கு இல்லை. ஒரு தூண் தாழ்ந்து அடுத்த தூண் நின்றுவிட்டாலே விரிசல் தோன்றும். களிமண்ணில் நிற்கும் தனிக் கடைக்கால்களுக்கு, நான்கு மீட்டர் இடைவெளியுள்ள இரு தூண்களுக்கிடையே இந்தியத் தரநிலை இசையும் அமிழ்வு வேறுபாடு ஆறு மில்லிமீட்டர் மட்டுமே. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பும், நிலையில் இறுகும் கதவும் இவ்வேறுபாட்டின் அறிகுறிகள். பரப்புக் கடைக்கால், மண்ணில் ஆங்காங்கே உள்ள மென்மையான இடங்களைப் பாலம்போல் கடந்து இவ்வேறுபாட்டைக் குறைக்கிறது.

எனினும் அது எல்லா இடர்க்கும் மருந்தன்று. இரண்டு மீட்டர் அகலப் பீடத்தின் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மீட்டர் ஆழம் வரையே குறிப்பிடத்தக்கதாக இருக்கும். ஒன்பது மீட்டர் அகலத் தளத்தின் அழுத்தமோ பதினைந்து மீட்டருக்கும் கீழே செல்லும். அந்த ஆழத்தில் மென்களி இருந்தால் அதுவும் நெடுங்காலம் சுருங்கி, வீட்டைத் தாழச் செய்யும். கனடா நாட்டின் டிரான்ஸ்கோனாவில் 1913ஆம் ஆண்டு தானியக் களஞ்சியம் ஒன்று, முதன்முறை தானியம் நிரப்பப்பட்டபோதே, கற்காரைத் தளத்துடன் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தது. தளம் உடையவில்லை, அதன் கீழிருந்த களிமண்ணே சுமை தாங்காது பிதுங்கியது. இத்தகைய இடங்களில், உறுதியான அடுக்கைத் தொடும் தூண்வகைக் கடைக்காலே தக்கது.

வயலை மனையாக்குவோர் மறந்துவிடும் சுமை ஒன்றும் உண்டு. ஒரு மீட்டர் உயரம் கொட்டி நிரவிய மண், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் கனக்கும். அஃதாவது, வீட்டின் சுமையில் பாதிக்கும் மேலான சுமை, வீடு எழுமுன்பே களியின்மீது ஏறிவிடுகிறது. நீர் மெல்ல வெளியேறி அக்களி இறுகுவதற்கு மாதங்கள் மட்டுமன்றி ஆண்டுகளும் ஆகலாம். நிரவியவுடன் கட்டினால், மண்ணின் அமிழ்வு வீட்டின் அமிழ்வாக மாறிவிடும். நிரப்பிய மண்ணின் கனம் ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருப்பின் வீடு சாயவும் கூடும்.

ஆதலின் முடிவெடுக்கும் முன் துளையிட்டு மண்ணைச் சோதித்தல் வேண்டும். துளை, கடைக்கால் அடியோடு நில்லாமல், தளத்தின் அழுத்தம் எட்டும் ஆழம் வரை செல்ல வேண்டும். களியின் தடிமன், நிலத்தடி நீரின் மட்டம், நனைந்தால் பருத்துக் காய்ந்தால் சுருங்கும் இயல்பு ஆகிய மூன்றையும் அச்சோதனை கூறும். உறுதியான மண் அருகிலிருந்து தூண்சுமை குறைவாயின் தனிக் கடைக்கால். மென்களி பரந்து, அதன் ஆழம் குறைவாயின் பரப்புக் கடைக்கால். மென்களி ஆழமாயின் தூண்வகை. மண் கூறும் விடையே கடைக்காலைத் தீர்மானிக்கும்.