நாட்டுப்பண்ணுக்கு முந்தைய மூன்று நிமிடம்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் முதன்முறையாக நான் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. நான் அப்போது இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். கையில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. மொத்தம் 38 பேர். ஒவ்வொரு பெயரும் ஒரே மாதிரி முடிந்தது: ‘அவர்களுக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். அந்த வால் மட்டுமே ஒரு தடவைக்கு மூன்று நொடி பிடித்தது. 38 தடவைக்கு 114 நொடி. நாட்டுப்பண் பாட 52 நொடிதான். இரண்டு முறை பாடி முடித்திருக்கலாம்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விடை எளிது. அழைப்பிதழைப் பார்த்து எழுதியிருந்தேன். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை என்று அச்சடித்திருந்த வரிசையிலேயே பெயர்களை இறக்கி, கீழே பந்தல், மைக் செட், காவல் நிலையம், பத்திரிகை நிருபர்கள் என்று ஒட்டவைத்திருந்தேன். ஆனால் அழைப்பிதழில் உள்ள பெயர்களை வரவேற்புரையில் ஒருமுறை சொல்லியாகிவிட்டது. மேடைக்கு அழைக்கும்போதும் பொன்னாடை போர்த்தும்போதும் தொகுப்பாளர் மறுபடி சொன்னார். நான்காம் முறையாக நான் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? அவர்கள் யார் என்பது கூட்டத்துக்கு நன்றாகவே தெரியும். இந்த விழாவுக்காக என்ன செய்தார்கள் என்பதுதான் தெரியாது. அதை அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அழைப்பிதழைத் தொடுவதில்லை. விழாவுக்கு மூன்று நாள் முன்பே ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொள்வேன். இடப்பக்கம் செயல், வலப்பக்கம் பெயர். செயல் எழுத முடியாத பெயர் நோட்டுக்குள் வராது. இந்த நோட்டை எழுதத் தலைமையாசிரியரைவிட அலுவலக உதவியாளர்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் சாப்பிடாமல் நின்றார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு வருடம் நோட்டைக் காட்டியபோது, “தண்ணி லாரிக்காரரை விட்டுட்டீங்களே டீச்சர். ரெண்டு நடை காசு வாங்காம அடிச்சாரு” என்றார். தலைமையாசிரியருக்கே அது புதுச் செய்தி.

மழை பெய்த ஒரு வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த வருடமும் நோட்டில் 38 பேர் சேர்ந்துவிட்டார்கள். முதல் வேலை, அவர்களைப் பிரிப்பது. தனியாகப் பெயர் சொல்ல வேண்டியவர்கள் ஆறு பேர். ஒரே வேலையைச் சேர்ந்து செய்தவர்கள் மூன்று கூட்டமாக 24 பேர். மீதி எட்டுப் பேர், அழைப்பிதழ் அச்சடித்தவர், பூமாலை கட்டியவர் போல, பேசிய கூலிக்குப் பேசிய வேலையைச் செய்து கொடுத்தவர்கள். அவர்களை மேடையில் சொல்லவில்லை. மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன். இதில் என் சக ஆசிரியர்கள் சிலருக்கு உடன்பாடில்லை. ‘காசு வாங்கினால் என்ன, ஒரு பெயர் சொன்னால் குறைந்தா போய்விடும்’ என்பார்கள். குறையாதுதான். ஆனால் எட்டுப் பெயரை வெறுமனே சொல்லி நகரும் அரை நிமிடத்தில், மற்ற 30 பேருக்கும் கூட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காது போய்விடுகிறது. மைக் செட் உரிமையாளரும் கூலி வாங்கியவர்தான். அவர் பெயர் எப்படி மேடைக்கு வந்தது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

அடுத்து வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வரும். ‘தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும்’ என்று அடுக்கிக்கொண்டே போனால், எதற்காக என்பது தெரிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் கிடைப்பது ‘நன்றி’ என்ற, எல்லோரும் எதிர்பார்த்த சொல். இதற்கு மருந்தும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பள்ளியில் நாம் மதிப்பெண்ணுக்காகப் படித்த பெயரெச்சம்! ‘மண் கொட்டிய தலைவர்’, ‘பந்தலைப் பிரித்துக் கட்டிய தம்பிகள்’. செயல் முன்னால் வந்துவிடுகிறது, பெயர் அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நன்றி என்று தனியாகச் சொல்லத் தேவையே இருப்பதில்லை. ஒரு வாக்கியத்தில் இப்படி மூன்று பேர்வரை தாங்கும். நான்காமவரை ஏற்றினால் எனக்கே மூச்சு வாங்குகிறது, கேட்பவருக்கு முதலாமவர் மறந்துபோகிறார்.

அந்த மழை வருடத்து நன்றியுரையின் ஒரு பகுதி இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறேன்.

“பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில் வீட்டில் டிவியை அணையுங்கள் என்று நம் சிறப்பு விருந்தினர் ஐயா சொன்னபோது, நான்காம் வரிசையில் ஒரு அம்மா திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். ஐயா, உங்கள் பேச்சு இன்றைக்கு ஒரு வீட்டுக்காவது போய்ச் சேர்ந்துவிட்டது.

“நேற்று மதியம் இந்தத் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். வாய்க்கால் வெட்டி அதை வெளியே விட்ட உடற்கல்வி ஆசிரியரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், இரண்டு டிராக்டர் மண் கொண்டுவந்து கொட்டிய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும், நனைந்த பந்தலை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துக் கட்டிய தம்பிகளும் இல்லையென்றால், இன்றைக்கு நாம் வகுப்பறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டுதான் விழா நடத்தியிருப்போம்.

“ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. உங்களில் பலருக்கு அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர், சாயங்காலம் முழுக்க ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மைக் செட் அண்ணன்.”

இதில் நன்றி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கடைசி வரியில் ஒரே ஒரு முறை சொன்னேன். மொத்தம் 270 சொல். என் வேகத்தில் நிமிடத்துக்கு 90 சொல் போகும், ஆக மூன்று நிமிடம். சிறப்பு விருந்தினரை முதலில் வைத்ததற்கு மரியாதை பாதிக் காரணம். அவர் காரில் ஏற வேண்டிய அவசரத்தில் இருப்பார் என்பது மீதி. நடுவில் வேலை செய்தவர்கள், கடைசியில் கூட்டமும் பெற்றோரும். பெற்றோரைப் பற்றிய வரி முடிந்ததும் அவர்கள் எழுந்து நிற்கத் தயாராகிவிடுகிறார்கள், நாட்டுப்பண்ணுக்கு அது வசதி.

சிறப்பு விருந்தினர் பற்றிய வரியை முன்கூட்டி எழுத முடியாது. தாளில் அந்த இடத்தில் நான்கு வரி காலியாக விட்டுவைப்பேன். அவர் பேசும்போது கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே திரும்பிப் பார்க்கிறது என்று கவனித்து அதை மட்டும் குறித்துக்கொள்வேன். அவர் பேச்சை ‘அருமையாக எடுத்துரைத்தார்கள்’ என்று தொடங்கிச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. இருபது நிமிடம் கேட்டவர்களுக்கு அதையே இரண்டு நிமிடம் மறுபடி பரிமாறுவது, பந்தியில் சாப்பிட்டு எழுந்தவனை உட்காரவைத்துச் சோறு போடுவது மாதிரி.

வழுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றில் மிக மோசமானது பாதிப் பெயர். பரிசுப் பொருள் வாங்கித் தந்தவர்கள் ஐந்து பேர் இருக்க, மூன்று பேரை மட்டும் சொல்லிவிட்டு ‘மற்றும் பலர்’ என்று ஒரு வருடம் நகர்ந்துவிட்டேன். அந்த மற்றும் பலர் இரண்டே பேர். இரண்டு பேரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அடுத்த ஆண்டு பரிசு தரவில்லை. அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒரு கூட்டத்தில் எல்லோர் பெயரும் சொல்வது, அல்லது யார் பெயரும் சொல்லாமல் ‘64 பரிசுகளையும் வாங்கித் தந்த ஐந்து பேர்’ என்று எண்ணிச் சொல்வது. எண்ணிச் சொன்னால் ஐந்து பேருமே தன்னைத்தான் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க’ என்ற வரியை நான் நம்புவதில்லை. விடுபட்டவருக்கு அது வெந்த புண்ணில் உப்பு. அதற்குப் பதில் தாளை விழாவன்று காலையில் மூன்று பேரிடம் காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று, வராதவரை வந்ததாகச் சொல்வது. ‘வருகை தந்து விழாவைச் சிறப்பித்த’ என்று முந்தின நாளே எழுதியதை அப்படியே படித்து, காலியாக இருந்த ஒரு நாற்காலிக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். கூட்டம் சிரித்தது. இப்போதெல்லாம் விருந்தினர் பெயர்களைப் பென்சிலால் எழுதுகிறேன். மேடையில் ஆளைப் பார்த்த பிறகுதான் பேனாவால் அதன்மேல் எழுதுவது.

தலைப்பெழுத்தும் காலை வாரிவிடும். ஊரில் ஒரு பெயர், அழைப்பிதழில் ஒரு பெயர் என்று இருப்பவர்கள் உண்டு. ‘கி’ என்று படிக்க வேண்டுமா, ‘கே’ என்று படிக்க வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு, காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ள வேண்டும். ‘அவர்கள்’ என்ற ஒட்டைச் சிக்கனமாக்கப் போய் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். விருந்தினருக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் அது இருந்தே ஆக வேண்டும். குறைக்க வேண்டியது ‘ஓய்வறியா உழைப்பாளி’, ‘பண்பின் சிகரம்’ வகையறா. வாய்க்கால் வெட்டினார் என்று சொன்ன பிறகு உழைப்பாளி என்று வேறு சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பார்த்தும் மழை வருடத்தில் ஒருவர் விடுபட்டுப்போனார். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்து, முந்தின இரவு பத்து மணிவரை உட்கார்ந்து, மேடை வெளிச்சத்தில் படிக்க வாகாகப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கொடுத்த கணினி ஆசிரியை. விழா முடிந்து மறுநாள் ஆசிரியர் அறையில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“எழுத்தெல்லாம் நல்லாத் தெரிஞ்சுதா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.