தொடர் வகைகளும் நிறுத்தக்குறிகளும்: படஅட்டை வழிக் கற்பித்தல்

தொடக்கப்பள்ளியில் தொடர் வகைகள் நான்காகக் கற்பிக்கப்படுகின்றன. அவை செய்தித் தொடர், வினாத் தொடர், கட்டளைத் தொடர், உணர்ச்சித் தொடர் என்பனவாகும். செய்திக்கும் கட்டளைக்கும் முற்றுப்புள்ளியும், வினாவுக்கு வினாக்குறியும், உணர்ச்சிக்கு உணர்ச்சிக்குறியும் இடப்படும். எழுதுவதற்கு முன் இவற்றை வாய்மொழியாகப் பழக்குவதற்குப் படஅட்டைகள் பயன்படுகின்றன.

தேவையானவை

ஒரு செயலைத் தெளிவாகக் காட்டும் படஅட்டைகள் இரண்டும், ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று குறி அட்டைகளும் (. ? !) போதும்.

முதல் விளையாட்டு: குறி காட்டு

கிளி மாம்பழம் தின்னும் படத்தை ஆசிரியர் காட்டி, நான்கு தொடர்களைக் கலந்து சொல்கிறார்.

* கிளி மாம்பழம் தின்கிறது.
* கிளி மாம்பழம் தின்கிறதா?
* கிளியே, மாம்பழம் தின்.
* ஆகா! எவ்வளவு அழகான கிளி!

ஒவ்வொன்றுக்கும் உரிய குறி அட்டையை மாணவர்கள் உயர்த்த வேண்டும். சிலர் சொற்களைக் கவனிக்காமல் ஆசிரியரின் குரலை மட்டும் வைத்து அட்டையைத் தூக்குவர். இதை அறிய, அதே தொடர்களை ஏற்ற இறக்கமின்றி ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். அப்போதும் 'தின்கிறதா' என்பதற்கு வினாக்குறி காட்டுபவர், இறுதியில் உள்ள 'ஆ' என்னும் வினா எழுத்தைக் கண்டுகொண்டவர் ஆவார்.

இரண்டாம் விளையாட்டு: 'ஆ' எங்கே?

தமிழில் 'ஆ' எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அந்தச் சொல்லைப் பற்றியே கேள்வி அமையும். காகம் கொய்யாப்பழம் தின்னும் வேறொரு படத்தைக் காட்டி ஆசிரியர் கேட்கிறார்.

* கிளியா கொய்யாப்பழம் தின்கிறது? – இல்லை, காகம்.
* காகம் மாம்பழமா தின்கிறது? – இல்லை, கொய்யாப்பழம்.

பின்னர் மாணவர்கள் இருவர் இருவராகக் கேட்டு விடை சொல்வர். இதே தொடர்களை எழுதும்போது, 'கிளியா?' என்று சொல்லின் அருகிலேயே குறியிட்டு, தொடரின் முடிவில் முற்றுப்புள்ளி வைப்பது வழக்கமான பிழையாகும். 'ஆ' எங்கு வந்தாலும் வினாக்குறி தொடரின் முடிவில்தான் வரும். தொடர் முடியும் வரை அட்டையை உயர்த்தக் கூடாது என்ற விதி இப்பிழையைத் தவிர்க்க உதவும்.

கவனிக்க வேண்டியவை

வினாச்சொல் வரும் தொடர்கள் எல்லாம் வினாத் தொடர்கள் அல்ல. 'கிளி எங்கே போனது?' என்பது வினா. 'கிளி எங்கே போனது என்று தெரியவில்லை.' என்பது செய்தி. மேலே கண்ட 'எவ்வளவு அழகான கிளி!' என்பது விடையை எதிர்பார்க்காததால் உணர்ச்சித் தொடராகும். 'இதற்கு யாராவது விடை சொல்ல வேண்டுமா?' என்று கேட்டுப் பார்ப்பது சிறுவர்களுக்கு எளிய சோதனை. இந்த வேறுபாட்டை முதல் இரண்டு விளையாட்டுகளும் நன்கு பழகிய பின்னரே அறிமுகப்படுத்துவது நல்லது. முன்னதாகச் சொன்னால் வினாச்சொல்லை அடையாளம் காண்பதிலேயே குழப்பம் ஏற்படும்.