பிழை சுவரின் எந்தப் பக்கம் இருக்கிறது?

2024 ஜூலை 1ஆம் தேதி குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லினக்ஸ் சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில், பாஸ்வேர்ட் எதுவும் தெரியாத வெளியாள் ஒருவரே ‘ரூட்’ ஆகிவிட வழி இருக்கிறது என்றது அறிக்கை. ரூட் என்றால் அந்த இயந்திரத்தில் எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரம். நிர்வாகிகள் பலர் அன்றிரவு தூங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அதே மென்பொருளின் ரெட்ஹாட் பதிப்பில் கிட்டத்தட்ட அதே வகைப் பிழை ஒன்று வெளியானது. இந்த முறை அவ்வளவு பதற்றம் இல்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதைப் பார்த்தால், ஒரு நிரலைச் சுற்றிப் போடப்படும் பாதுகாப்பு அடுக்குகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று விளங்கிவிடும்.

முதலில் பிழையைப் பார்ப்போம். ஓபன்எஸ்எஸ்எச் சர்வருடன் தொடர்பு கொள்பவர் 120 விநாடிக்குள் தன்னை நிரூபிக்க வேண்டும். தவறினால் கெடு முடிந்ததாக ஓர் அலாரம் அடிக்கும். நிரல் அப்போது எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு, அலாரத்துக்கான வேலையைச் செய்யும். அந்த வேலையில் ஒன்று, நடந்ததை லாகில் எழுதுவது. அதை எழுதவும் நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தப்பட்ட வேலையும் அதே நேரத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தால், கணக்கு பாதியில் கிடக்கும்போதே இன்னொரு கை அதற்குள் நுழைந்துவிடுகிறது. கணக்கு குழம்பும். அந்தக் குழப்பத்தைத் தனக்குச் சாதகமாக அமைத்துக்கொள்வதுதான் தாக்குபவரின் சாமர்த்தியம். இது 2006இலேயே கண்டறிந்து அடைக்கப்பட்ட ஓட்டை. 2020இல் நிரலைச் சீரமைத்தபோது காப்பாக இருந்த ஒரு வரி தவறுதலாக நீங்கியதால் மீண்டும் திறந்துகொண்டது.

இப்போது சுவருக்கு வருவோம். 2002 முதல் ஓபன்எஸ்எஸ்எச் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. நீல்ஸ் ப்ரோவோஸ் கொண்டுவந்த ஏற்பாடு இது. அடகுக் கடையில் கவுண்டரில் நிற்கும் பையன் வாடிக்கையாளரிடம் பேசுவான், பொருளை வாங்கிப் பார்ப்பான். பெட்டகச் சாவி மட்டும் உள்ளே இருக்கும் முதலாளியிடம் இருக்கும். இங்கும் அப்படித்தான். வலையிலிருந்து வரும் அறிமுகமில்லாத தரவைப் பிரித்துப் படிக்கும் வேலை, அதிகாரம் ஏதுமற்ற ஒரு துணைச் செயலுக்கு. பாஸ்வேர்ட் சரியா என்று பார்ப்பது, சர்வரின் ரகசியச் சாவியால் கையெழுத்திடுவது ஆகியவை ரூட் அதிகாரம் உள்ள கண்காணிப்புச் செயலுக்கு. துணைச் செயல் கேட்கக்கூடிய கேள்விகள் ஒரு சிறு பட்டியல்தான். அதுவும் அந்தந்தக் கட்டத்துக்கு உரிய கேள்வியை மட்டுமே கேட்கலாம்.

2011இல் அந்தத் துணைச் செயலைச் சுற்றி இன்னொரு வேலி வந்தது. அதுதான் சாண்ட்பாக்ஸ். ஒரு நிரல் கோப்பைத் திறக்கவோ, வேறு நிரலை ஓட்டவோ, வெளியே இணைப்பு போடவோ இயங்குதளத்தின் கருவான கெர்னலைத்தான் கேட்டாக வேண்டும். ‘இன்னின்ன கோரிக்கைகளுக்கு மேல் இவனிடமிருந்து எதையும் ஏற்காதே’ என்று நிரலே முன்கூட்டிக் கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. லினக்ஸில் இதைச் செய்யும் வசதியின் பெயர் செக்காம்ப். துணைச் செயலை ஒருவர் முழுதாகக் கைப்பற்றினாலும் புதிய கோப்பைத் திறக்க முடியாது. புதிய நிரலை ஓட்ட முயன்றால் கெர்னல் அந்தச் செயலையே கொன்றுவிடும். அவர் நின்றுகொண்டிருப்பதும் கோப்பு ஏதும் இல்லாத ஒரு காலி அடைவில்.

இத்தனை இருந்தும் குவாலிஸ் எப்படி ரூட் ஆனது? அலாரம் அடித்தது கண்காணிப்புச் செயலுக்குள். தாக்குபவர் அனுப்பும் பொதுச்சாவி சரிதானா என்று பார்க்க அதுவும் அந்தச் சாவியைப் பிரித்துப் படிக்கத்தான் வேண்டும். இடம் ஒதுக்கும் வேலை அங்கேயும் நடக்கிறது. பிழை சுவருக்கு உட்புறமே இருந்துவிட்டதால் சுவரும் வேலியும் குறுக்கே வரவில்லை. ரெட்ஹாட் பதிப்பில் இருந்த பிழையோ துணைச் செயலுக்குள் சிக்கியிருந்தது. அதை வென்றாலும் காலி அடைவும் கைவிலங்கும்தான் மிச்சம்.

முதல் பிழைக்கு எதிராக மிஞ்சி நின்றது மூன்றாவது அடுக்கு, அதாவது நினைவக முகவரிகளைக் குலுக்கிப்போடுவது. கணக்கைக் குழப்பினால் மட்டும் போதாது. நிரலைத் தான் விரும்பும் கட்டளைக்குத் திருப்பிவிட, அந்தக் கட்டளை நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று தாக்குபவருக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் நூலகங்களைக் கெர்னல் வெவ்வேறு முகவரியில் வைக்கிறது. தவறாக ஊகித்தால் செயல் செத்துவிடும். ஓபன்எஸ்எஸ்எச் ஒவ்வொரு இணைப்புக்கும் தன்னைப் புதிதாகத் தொடங்கிக்கொள்வதால், ஒரு முறை தோற்றதிலிருந்து அடுத்த முறைக்கு எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

குவாலிஸின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அலாரம் சரியான நொடித்துளியில் விழ, சராசரியாகச் சுமார் 10,000 முயற்சிகள் தேவை. ஒரே நேரத்தில் 100 இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 120 விநாடி. ஆக 100 சுற்று, 200 நிமிடம். அவர்கள் சோதித்த 32-பிட் லினக்ஸில் சி நூலகம் இரண்டே முகவரிகளில் ஒன்றில்தான் வந்து உட்கார்ந்தது. பாதி நேரம் ஊகம் பலிக்கும். எனவே நேரம் இரட்டிப்பானது, அவ்வளவுதான்: 6 முதல் 8 மணி நேரம்.

குலுக்கல் ஏன் இத்தனை சொத்தையாக இருந்தது? 32-பிட்டில் நூலகம் நகரக்கூடிய தூரமே வழக்கமாக 1 எம்பி. அண்மைக் காலக் கெர்னல்கள் வேகத்துக்காகப் பெரிய நூலகங்களை 2 எம்பி எல்லைகளில் வைக்கத் தொடங்கின. குலுக்கலுக்கு இடமே இல்லாமல் போயிற்று. வேகத்துக்காகச் செய்த மாற்றம் பாதுகாப்பைத் தின்றதை யாரும் உடனே கவனிக்கவில்லை என்பது எனக்கு அந்தப் பிழையைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது. 64-பிட்டில் அதே மாற்றத்துக்குப் பிறகும் 5,24,288 இடங்கள் மிஞ்சுகின்றன. மற்றதெல்லாம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 200 நிமிடத்தை அதால் பெருக்க, ஏறக்குறைய 200 ஆண்டுகள். ஆனால் நிரல் வேறெங்காவது ஒரே ஒரு முகவரியைக் கசியவிட்டால் இந்த 200 ஆண்டும் 200 நிமிடமாகச் சுருங்கிவிடும்.

இந்த மணிக்கணக்கான தாமதத்தால் இன்னொரு பயனும் உண்டு: தாக்குதல் தடயம் விடுகிறது. `Timeout before authentication` என்ற வரி லாகில் ஆயிரக்கணக்கில் குவிந்தால் யாரோ முயன்றுகொண்டிருக்கிறார் என்று பொருள்.

உங்கள் பொறுப்பில் ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தால் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
cat /proc/sys/kernel/randomize_va_space
```

விடை 2 என்று வர வேண்டும். 0 என்றால் யாரோ குலுக்கலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். 2 வந்தாலும், இயந்திரம் 32-பிட்டா என்று `uname -m` மூலம் பாருங்கள். `i686` என்று வந்தால் அந்த 2ஐ நம்ப வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எச் 9.8இல் இந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. டெபியன் போன்றவை பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துத் தருவதால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய 32-பிட் பெட்டி இன்னும் இணையத்தைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.