அடம்பன் விதையின் வன்தோல்

பள்ளிமுனை அடங்கிய மன்னார்த் தீவின் கரையோர மணலிற் படரும் அடம்பன்கொடி, திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியால் நாமறிந்தது. பழமொழி கூறுவோர் அதன் விதையை நோக்குவதில்லை. வெறுமனே விதைத்தால் அது மாதக்கணக்கில் முளையாது கிடக்கும். விதை செத்ததென்று கைவிடுவோர் பலர். உண்மையில், நெருங்கியமைந்த உறைக்கலங்கள் நீரை உட்புக விடுவதில்லை.

காம்போடு ஒட்டியிருந்த வடுவின் அருகே முளைக்கரு உண்டு. ஆதலால் அதற்கு எதிர்ப்புறத்தே அரத்தால் தேய்த்து, வெளிறிய உட்பகுதி தோன்றியதும் நிறுத்தல் வேண்டும். பின்னர் ஓர் இரவு நன்னீரில் ஊறவிடுக. காலையிற் பருத்தவற்றை உடனே ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றலாம். பருக்காதவற்றை மீண்டும் தேய்க்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் அழுகும். மிதப்பவை பதர் என்னும் நெல் வழக்கம் இங்கு பொருந்தாது. கடல்வழி பரவும் இவ்விதை நலமாயிருந்தும் மிதக்கும்.

கல்வாழைக்கும் இதே முறைதான். அதன் கரிய விதை இன்னும் கடியது. ஆர்ஜென்டீனாவிற் பழைய கிலுகிலுப்பை ஒன்றினுள் கிடந்த கல்வாழை விதை முளைத்தது. அதன் வயது ஏறத்தாழ 600 ஆண்டுகள் என்னும் கரிமக் கணிப்பு 1971இல் வெளியாயிற்று.

இவ்வன்மை குறையன்று. மன்னாரின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே. முதல் தூறலில் எல்லா விதைகளும் முளைத்து, அடுத்து வெயில் காய்ந்தால் ஒன்றும் எஞ்சாது. தேய்த்த விதைக்கு அந்தக் காப்பு இல்லை. எனவே, நீரூற்ற இயன்ற அளவே தேய்த்து, மிகுதியை உறையோடு மணலில் இடுவதே தக்கது.